வட்டி ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், சேமநிதிப் பணத்தை எடுத்து எங்கே போடலாம் என்று யோசிப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. கோலாலம்பூரில் ஒரு நிதி நிறுவனத்தில் பத்திரங்களுக்குத் தினமும் விலை போடும் பிரிவில் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எல்லாப் பதிலுக்கும் ஒரே பத்திரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: முகமதிப்பு 10,000 வெள்ளி, கூப்பன் 4 விழுக்காடு, முதிர்வுக்கு 5 ஆண்டு. மலேசிய அரசாங்கப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பன் கொடுக்கும். இங்கே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஆண்டுக்கு ஒருமுறை என வைத்திருக்கிறேன்.

கடன் பத்திரம்னா நாம கடன் வாங்குறதா, கொடுக்குறதா?

கொடுப்பது. அரசாங்கமோ ஒரு நிறுவனமோ உங்களிடம் 10,000 வெள்ளி வாங்கிக்கொள்கிறது. ஆண்டுதோறும் 400 வெள்ளி தருகிறேன், ஐந்தாம் ஆண்டு முடிவில் அசல் 10,000 வெள்ளியைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறது. அந்த 400 வெள்ளிதான் கூப்பன், கடைசியில் திரும்பி வரும் 10,000தான் முகமதிப்பு. அந்தக் காலத்தில் பத்திரத் தாளின் ஓரத்தில் சின்னச் சின்னச் சீட்டுகள் இருக்கும். அதை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வட்டி கிடைக்கும். இன்று தாளும் இல்லை, சீட்டும் இல்லை. எல்லாம் கணினிக் கணக்கில் நடக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 400 என்ற எண் முதல் நாளிலேயே எழுதி முடிந்துவிட்டது. நாட்டில் வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அது 400தான். மிதக்கும் கூப்பன் உள்ள பத்திரங்களும் உண்டு. இங்கே பேசுவது அவற்றைப் பற்றி அல்ல.

கூப்பனும் மாறாது, அசலும் மாறாதுன்னா, விலை மட்டும் எப்படிண்ணே மாறுது?

மாறாமல் இருப்பதால்தான் விலை மாறுகிறது.

இந்தப் பத்திரத்தை 10,000 வெள்ளிக்கு நீங்கள் வாங்கிய அன்று, ஐந்து ஆண்டுக்குக் கடன் கொடுத்தால் சந்தையில் 4 விழுக்காடுதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் நிலைமை மாறுகிறது. அதே அரசாங்கம் அதே ஐந்து ஆண்டுக்குப் புதிய பத்திரம் வெளியிடுகிறது. இப்போது 5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 500 வெள்ளி தருகிறது. அந்த நேரம் பார்த்து உங்களுக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது. பழைய பத்திரத்தை விற்கப் போகிறீர்கள்.

வாங்க வருகிறவர் என்ன கேட்பார்? “புதுசு 500 தருது, உங்களுது 400தான் தருது, அதுக்கும் 10,000 கொடுக்கணுமா?” என்பார். நியாயமான கேள்விதான். இரண்டுக்கும் நடுவில் ஆண்டுக்கு 100 வெள்ளி பள்ளம். அந்தப் பள்ளம் ஐந்து ஆண்டுக்கும் இருக்கும். அதை நீங்கள் விலையில் குறைத்துக் கொடுத்தால்தான் அவர் உங்கள் பக்கம் திரும்புவார்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? 100 வெள்ளி ஐந்து தடவை, ஆக 500 என்று சட்டென்று தோன்றும். ஆனால் அந்த 500 ஒரே நாளில் விட்டுப்போகிற தொகை அல்ல. முதல் 100 அடுத்த ஆண்டு, கடைசி 100 ஐந்து ஆண்டு கழித்து. நீங்களோ தள்ளுபடியை இன்றைக்கே கையில் கொடுக்கிறீர்கள். இன்று கையில் இருக்கும் பணத்துக்கு 5 விழுக்காடு வட்டி கிடைக்குமே! ஆகவே அடுத்த ஆண்டின் 100 வெள்ளியை ஈடுகட்ட இன்று 95.24 வெள்ளி போதும். ஐந்தாம் ஆண்டின் 100 வெள்ளிக்கு 78.35 போதும். ஐந்தையும் இப்படிக் கூட்டினால் சுமார் 433 வெள்ளி வரும்.

ஆக உங்கள் பத்திரத்தின் விலை 9,567 வெள்ளி. பத்திரச் சந்தையில் 433 வெள்ளி காணாமல் போனது யாருடைய பயத்தாலும் அல்ல, வதந்தியாலும் அல்ல. இனி ஐந்து ஆண்டுக்கு உங்களுக்குக் கிடைக்காமல் போகும் நூறு நூறு வெள்ளிகளை இன்றைய மதிப்பில் ஒரே தொகையாகச் சேர்த்ததுதான் அது.

இதை நேரா எப்படிக் கணக்குப் போடுறது? கால்குலேட்டர் போதுமா?

போதும். பத்திரம் தரப்போகும் ஒவ்வொரு தொகையையும் அது வரும் காலத்துக்கு ஏற்ப இன்றைய மதிப்புக்குக் கழிக்க வேண்டும். ஓராண்டு கழித்து வருவதை 1.05ஆல் ஒருமுறை வகுக்க வேண்டும், ஈராண்டு கழித்து வருவதை இரண்டு முறை, இப்படியே ஐந்து வரை.

முதல் ஆண்டின் 400 இன்றைக்கு 380.95. இரண்டாம் ஆண்டினுடையது 362.81, மூன்றாவது 345.54, நான்காவது 329.08. ஐந்தாம் ஆண்டில் கூப்பனும் அசலும் சேர்ந்து 10,400 வருகிறது. அதன் இன்றைய மதிப்பு 8,148.67. எல்லாம் கூட்டினால் 9,567.05. மேலே பள்ளத்தை வைத்துப் போட்ட கணக்கும் இதே இடத்தில்தான் வந்து நின்றது என்பதைப் பாருங்கள்.

வீட்டில் பிள்ளைகளின் கணினியில் எக்செல் இருந்தால் ஒரே வரி:

```
=PV(5%,5,-400,-10000)
```

அடைப்புக்குள் இருப்பது வரிசையாகச் சந்தை வட்டி, ஆண்டுகள், கூப்பன், அசல். பின்னிரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி போடாவிட்டால் விடை கழித்தலில் வரும், பயந்துவிட வேண்டாம். ஆறு மாதக் கூப்பன் என்றால் வட்டியைப் பாதியாக்கி 2.5%, தவணையை 10, கூப்பனை 200 என்று மாற்றுங்கள்.

விற்காம வச்சிருந்தா முழுசா 10,000 வந்துடுமே. அப்புறம் எங்க நட்டம்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பாதி சரி.

வரப்போகும் பணத்தில் ஒரு காசும் குறையாது என்பது சரி. அரசாங்கம் ஆண்டுதோறும் 400 தரும், கடைசியில் 10,000 தரும். நடுவில் திரையில் 9,567 என்று காட்டினாலும், முதிர்வு நெருங்க நெருங்க விலை தானாக 10,000ஐ நோக்கி ஏறிவிடும். இதே 5 விழுக்காடு நீடித்தால்கூட, ஓராண்டு மிச்சம் இருக்கும்போது விலை 9,905 ஆகியிருக்கும்.

ஆனால் நட்டமே இல்லை என்பது சரியல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுத்து வாங்கியதால் ஆண்டுக்கு 500 வாங்குகிறார், நீங்கள் 400 வாங்குகிறீர்கள். விற்றால் 433 வெள்ளி ஒரே நாளில் போகும். விற்காமல் வைத்திருந்தால் ஆண்டுக்கு நூறாகப் போகும். இன்றைய மதிப்பில் இரண்டும் ஒரே தொகைதான், கட்டும் விதம்தான் வேறு. முன்னது அறிக்கையில் சிவப்பு எழுத்தில் தெரியும். பின்னது எங்கேயும் தெரியாது. தெரியாததால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். “விற்றால்தான் நட்டம்” என்று சொல்லி வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தும் விற்பனை அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை.

இன்னொன்று, வைத்திருப்பேன் என்பது உங்கள் விருப்பம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு 2023 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். வட்டி குறைவாக இருந்த காலத்தில் நீண்டகாலப் பத்திரங்களை நிறைய வாங்கி வைத்திருந்தது. பெரும்பாலும் அரசாங்கத்தின் பத்திரங்கள், அரசாங்கப் பின்புலம் உள்ள வீட்டுக்கடன் பத்திரங்கள். பணம் திரும்பாது என்ற பயமே அவற்றில் இல்லை. முதிர்வு வரை வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் வைப்புப் பணம் போட்டவர்கள் எடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்க வேண்டிவந்தது. சுமார் 180 கோடி டாலர் நட்டம் வெளியே தெரிந்தது. தெரிந்ததும் மிச்சமிருந்தவர்களும் ஓடிவந்தார்கள். அறிவித்த இரண்டே நாளில் வங்கி மூடப்பட்டது.

வங்கிக்கு வந்த அவசரம் நமக்கும் வரும். மருத்துவமனைச் செலவு வந்துவிட்டால் ஐந்து ஆண்டு காத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

பத்திரத்துல 4 விழுக்காடுன்னு இருக்கு, விலைப்பட்டியல்ல 5 விழுக்காடுன்னு போட்டிருக்காங்க. எது உண்மை?

இரண்டும் உண்மை. 4 என்பது கூப்பன் விகிதம்; முகமதிப்பின் மேல் கணக்கிட்டது. 5 என்பது முதிர்வு வரையிலான ஈட்டம்; சந்தையில் ஒய்.டி.எம். என்பார்கள். இன்றைய விலைக்கு வாங்கி, கடைசி நாள் வரை வைத்திருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்பதுதான் அது. கூப்பன் பத்திரத்தின் பிறப்புச் சான்றிதழில் உள்ளது, ஈட்டம் இன்றைய விலையில் உள்ளது. வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஈட்டத்தைத்தான்.

9,567 வெள்ளிக்கு வாங்குகிறவருக்கு இரண்டு வழியில் வரும்படி. ஒன்று ஆண்டுக்கு 400. இதை மட்டும் விலையால் வகுத்தால் 4.18 விழுக்காடு. இன்னொன்று 9,567 கொடுத்து வாங்கியதற்குக் கடைசியில் 10,000 வருகிறதே, அந்த 433. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 87. இரண்டையும் கூட்டி 487 என்று வைத்து, விலைக்கும் அசலுக்கும் நடுவிலுள்ள 9,783ஆல் வகுத்துப் பாருங்கள், 4.98 வரும். துல்லியமான விடை 5. மனக்கணக்குக்கு இது போதும். துல்லியமாக வேண்டும் என்றால்:

```
=RATE(5,400,-9567.05,10000)
```

துல்லியமான ஈட்டத்துக்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. எந்த வட்டியில் கழித்தால் இன்றைய விலை சரியாக வருகிறது என்று கணினி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது.

இந்த 5 விழுக்காட்டுக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, வரும் 400 வெள்ளிகளையும் அதே 5 விழுக்காட்டில் திரும்பப் போட வேண்டும். அப்படிப் போட்டால் ஐந்தாம் ஆண்டு முடிவில் கையில் 12,210 இருக்கும். கூப்பனை எடுத்து அலமாரியில் வைத்தால் 12,000தான். உங்கள் உண்மையான வளர்ச்சி 4.64 விழுக்காடு. கூப்பனைக் குடும்பச் செலவுக்கு எடுத்துக்கொண்டால் தப்பில்லை. ஆனால் 9,567 வெள்ளியும் 5 விழுக்காட்டில் குட்டி போட்டு வளர்ந்தது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாவது நிபந்தனை, கடன் வாங்கியவர் கடைசி வரை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ஏதோ ஒரு நிறுவனப் பத்திரம் 8 விழுக்காடு ஈட்டம் காட்டுகிறது, அரசாங்கப் பத்திரம் 4 காட்டுகிறது என்றால், நடுவில் உள்ள 4 இலவசம் அல்ல. பணம் திரும்பாமல் போகலாம் என்று சந்தை சந்தேகப்படுவதற்கான கூலி அது. மலேசியாவில் ராம், மார்க் என்ற இரண்டு நிறுவனங்கள் இப்படிப்பட்ட பத்திரங்களுக்குத் தரம் போடுகின்றன. மூன்று ஏ-யில் தொடங்கிக் கீழே இறங்கும். ஈட்டத்தைப் பார்க்கும் அதே நேரத்தில் தரத்தையும் பாருங்கள். யாரோ கொண்டுவந்து காட்டும் “பத்திரத்தில்” நல்ல ஈட்டம் இருக்கிறது, ஆனால் தரம் போட்டதாக எதுவும் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வட்டி ஒரே அளவுதான் ஏறுச்சு. என் பத்திரம் கொஞ்சமா இறங்குச்சு, தம்பியோடது மளமளன்னு இறங்குச்சு. ஏன்?

தம்பியுடைய பத்திரம் நீண்ட காலத்துக்கு உரியதாக இருக்கும். ஆண்டுக்கு 100 என்ற பள்ளம் எத்தனை ஆண்டு ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதே 4 விழுக்காட்டுப் பத்திரம், சந்தை 4லிருந்து 5க்கு ஏறுகிறது. முதிர்வுக்கு ஓராண்டுதான் என்றால் விலை 9,905, நூறுக்குள் முடிந்துவிட்டது. ஐந்தாண்டு என்றால் 9,567. இருபது ஆண்டு என்றால் 8,754. ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு மேல் போய்விட்டது.

இதை அளக்க டியூரேஷன் என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். வட்டி ஒரு விழுக்காடு நகர்ந்தால் விலை ஏறத்தாழ எத்தனை விழுக்காடு நகரும் என்பதை அது சொல்லும். நம் ஐந்தாண்டுப் பத்திரத்துக்கு அது சுமார் 4.45. உண்மையில் விலை 4.33 விழுக்காடு இறங்கியது, ஆக எண் கிட்டத்தட்டச் சரி. கால், அரை விழுக்காடு நகர்வுக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டு, மூன்று விழுக்காடு நகர்ந்தால் பிசகு கூடும். அப்போது முழுக் கணக்கைப் போடுவதே நல்லது.

ஆஸ்திரிய அரசாங்கம் 2020ல் நூறாண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. முதிர்வு 2120ல், கூப்பன் வெறும் 0.85 விழுக்காடு. ஐரோப்பாவில் வட்டி ஏறியபோது அதன் விலை முகமதிப்பில் பாதிக்கும் கீழே போனது. ஆஸ்திரியா கடனைக் கட்டாது என்று யாரும் சந்தேகப்படவில்லை. காலம் நீளம், கூப்பன் சின்னது, அவ்வளவுதான் காரணம். பத்திரம் என்றாலே பாதுகாப்பு என்று சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்ப வட்டி இறங்கினா விலை ஏறுமா?

ஏறும். சந்தை 3 விழுக்காட்டுக்கு இறங்கினால் நம் பத்திரம் 10,458 ஆகும். ஏறியது 458, முன்பு இறங்கியது 433. ஏற்றம் கொஞ்சம் கூடுதல். கழிக்கும் வட்டி குறையக் குறைய, தூரத்தில் வரும் தொகைகளின் மதிப்பு வேகமாகப் பெருகுவதால் வரும் வித்தியாசம் இது.

பேங்க் நெகாரா ஓ.பி.ஆர். ஏத்தின அன்னைக்குத்தான் விலை இறங்குமா?

பெரும்பாலும் அதற்கு முன்பே இறங்கியிருக்கும். ஓ.பி.ஆர். என்பது வங்கிகள் தங்களுக்குள் ஒரே இரவுக்குக் கடன் கொடுத்து வாங்கும் வட்டிக்குப் பேங்க் நெகாரா வைக்கும் இலக்கு. உங்கள் பத்திரமோ ஐந்தாண்டுக் கடன். ஐந்தாண்டு ஈட்டத்தை நிர்ணயிப்பது இன்றைய ஓ.பி.ஆர். மட்டும் அல்ல, இனி அது எங்கே போகும், விலைவாசி எப்படி இருக்கும், அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்ற சந்தையின் எதிர்பார்ப்புகள் எல்லாம் சேர்ந்துதான்.

2020 ஜூலையில் ஓ.பி.ஆர். 1.75 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2022 மே மாதம் முதல்முறையாகக் கால் விழுக்காடு ஏற்றினார்கள். அந்த ஆண்டு நவம்பருக்குள் நான்கு முறை ஏற்றி 2.75, 2023 மே மாதத்தில் 3.00. ஆனால் 2022 மே மாதத்துக்கு முன்பே நீண்டகாலப் பத்திர ஈட்டங்கள் ஏறிவிட்டன. அமெரிக்கா வட்டியை ஏற்றும், நாமும் ஏற்றுவோம் என்று எல்லாரும் எதிர்பார்த்ததுதான் காரணம். 2025 ஜூலையில் மறுபடி 2.75க்கு இறக்கினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, பலருடைய பணத்தைச் சேர்த்துப் பத்திரங்களில் போடும் பத்திர நிதியை வாங்க ஓடியவர்கள், இறங்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் ஏறி உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. அறிவிப்பு எதிர்பார்த்தபடியே வந்தால் விலை அசையாது. எதிர்பார்க்காதது வந்தால்தான் அசையும்.

எஃப்.டி.யும் வட்டிதான், அமானா சஹாம் மலேசியாவும் ஒரு வெள்ளியிலேயே நிக்குது. பத்திரம் மட்டும் ஏன் ஆடுது?

எஃப்.டி.க்கு யாரும் தினமும் விலை போடுவதில்லை, அவ்வளவுதான். வங்கியில் 4 விழுக்காட்டுக்குப் போட்ட பிறகு வேறிடத்தில் 5 கொடுத்தால் உங்களுக்கும் பள்ளம் விழத்தான் செய்கிறது. நடுவில் எடுத்தால் வட்டியை இழக்கிறீர்கள். அதுதான் அங்கே தள்ளுபடி. ஆனால் அசல் குறையாது, உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 250,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதிக் கழகமான பிடாமின் பாதுகாப்பும் இருக்கிறது. அதே வங்கிக் கிளையில் வாங்கினாலும் பத்திர நிதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அமானா சஹாம் மலேசியா நிலை விலை நிதி. ஒரு யூனிட் ஒரு வெள்ளி என்று விலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆண்டு வருமானப் பங்கு மட்டும் கூடிக் குறையும். உள்ளே இருக்கும் முதலீடுகளின் மதிப்பு ஆடாமல் இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை.

என்கிட்ட இருக்கிறது பத்திர நிதி. 40,000 போட்டேன், இறங்கிடுச்சு. முதிர்வு வரைக்கும் காத்திருந்தா அசல் வந்துடுமா?

நிதிக்கு முதிர்வு என்ற ஒன்றே கிடையாது. உள்ளே ஒரு பத்திரம் முதிர்ந்தால் அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குவார்கள். ஆகவே இந்தத் தேதியில் முழு அசல் வரும் என்ற வாக்குறுதி அங்கே இல்லை. ஆனால் ஏறிய வட்டியே மெல்ல மெல்லக் காயத்தை ஆற்றும். எப்படி என்று ஒரு தோட்டக் கிராணியின் கணக்கைப் போலப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உருண்டையாக்கப்பட்டவை.

ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் 40,000 வெள்ளியை, டியூரேஷன் 5 உள்ள ஒரு நிதியில் போடுகிறார். உள்ளிருக்கும் பத்திரங்களின் ஈட்டம் 4 விழுக்காடு. போட்ட கையோடு சந்தை 5க்கு ஏறுகிறது. 5 விழுக்காடு போய், அறிக்கையில் 38,000 நிற்கிறது. இரவில் தூக்கம் வராது என்பது உண்மைதான். ஆனால் இனி நிதிக்குள் வரும் கூப்பனும், முதிர்ந்து திரும்பப் போடும் பணமும் 5 விழுக்காட்டில் வளர்கின்றன. ஓராண்டில் 39,900. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே 40,000ஐத் தாண்டிவிடும்.

அசல் வந்துவிட்டது என்று கிராணி பெருமூச்சு விடுவார். ஆனால் வட்டி ஏறாமலே இருந்திருந்தால் எங்கே இருந்திருப்பார்? இரண்டாண்டில் 4 விழுக்காட்டில் 43,264. இப்போது இருப்பது 41,895. இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறார். ஐந்தாம் ஆண்டு முடிவில் பாருங்கள்: ஏறாமல் இருந்திருந்தால் 48,666, ஏறிய பிறகு 48,499. கிட்டத்தட்டச் சமம். ஆறாம் ஆண்டில் 50,613க்கு எதிராக 50,924, முந்திவிட்டார். டியூரேஷன் 5 என்றால் சுமார் ஐந்து ஆண்டில் சமமாகும் என்பது தற்செயல் அல்ல. இழந்ததை ஏறிய வட்டி திரும்பக் கட்ட ஏறத்தாழ அவ்வளவு காலம் எடுக்கிறது.

வட்டி ஒரே முறை ஏறி நின்றால் என்ற கணக்கு இது. இரண்டாம் முறை ஏறினால் கடிகாரம் மறுபடி தொடங்கும். நிதியின் ஆண்டு நிர்வாகக் கட்டணத்தையும் நான் கழிக்கவில்லை. கட்டணம் 1 விழுக்காடு என்றால், 5 விழுக்காட்டு வளர்ச்சி உங்கள் கைக்கு வரும்போது 4தான். வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டுவிடுங்கள்.

விலை 9,567ன்னு சொன்னாங்க, பில்லுல அதுக்கு மேல வாங்கிட்டாங்க. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் இல்லை. கூப்பன் போன தடவை கொடுத்ததிலிருந்து இன்று வரை சேர்ந்த வட்டி பழைய சொந்தக்காரருக்கு உரியது. அடுத்த கூப்பன் முழுசாக உங்கள் கணக்கில் விழப்போகிறது, ஆகவே அவர் பங்கை இன்றே நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். ஆறு மாதக் கூப்பன் 200 வெள்ளி, 182 நாள் தவணையில் 90 நாள் ஆகிவிட்டது என்றால் 98.90 வெள்ளி. இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால்தான் கேள்வி கேளுங்கள்.

ரெண்டு வருஷத்துல மகள் பல்கலைக்கழகம் போறா. பத்திர நிதியில இருக்கிறதை இப்பவே எடுத்துடலாமா, ஏறும் வரைக்கும் வைக்கலாமா?

அக்கா, வட்டி ஏறுமா இறங்குமா என்று யோசிப்பதை விட்டுவிடுங்கள். அதைச் சரியாகச் சொல்பவர் யாரும் இல்லை. பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: பணம் எத்தனை ஆண்டில் வேண்டும், நிதியின் டியூரேஷன் எவ்வளவு. நிதியின் மாதாந்தரத் தகவல் தாளில் இரண்டாவது எண் இருக்கும். இல்லாவிட்டால் முகவரிடம் கேளுங்கள். அந்த எண்ணே தெரியாமல் விற்கும் முகவரிடம் மற்றதையும் கேட்டுப் பயனில்லை.

பணம் வேண்டியது இரண்டாண்டில், டியூரேஷன் 5 என்றால் இரண்டும் பொருந்தவில்லை. மேலே பார்த்த கிராணியின் கணக்கில், இரண்டாம் ஆண்டு முடிவில் 41,895 இருந்ததல்லவா. கட்டணம் கட்டும் வாரத்துக்கு முன் சந்தை இன்னொரு விழுக்காடு ஏறினால் அதிலிருந்து சுமார் 2,100 போய், 39,800 ஆகிவிடும். ஆற்றிக்கொள்ள நேரம் இருக்காது. கல்லூரி காத்திருக்காது. ஆகவே கட்டணத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் டியூரேஷன் இரண்டு அல்லது அதற்குக் கீழ் உள்ள குறுகியகால நிதிக்கோ, இரண்டாண்டில் முதிரும் வைப்புக்கோ மாற்றிவிடுங்கள். இப்போது இறங்கியிருக்கும் விலையில் விற்கிறோமே என்று தயங்க வேண்டாம். பழைய இடத்தில் இருந்தால் ஏறிய வட்டி, புதிய இடத்திலும் ஏறிய வட்டி; விட்டுப்போன தொகை இரண்டு இடத்திலும் விட்டுப்போனதுதான். விற்கும்போது வெளியேறும் கட்டணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டுச் செலவுக்கு, அதாவது இன்னும் ஐந்தாறு ஆண்டு கழித்து வேண்டியிருக்கும் பகுதிக்கு, இருக்கிற நிதியே பொருத்தமானது. அதைத் தொட வேண்டாம்.